தேளின் கடைசி

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகும் பஸ், டயர் பஞ்சராகிக் கரிசல் காட்டோரம் நிற்கிறது. இருட்டிவிட்டது. சுற்றிலும் விளக்கில்லை. தெற்கு வானத்தில் தேள் வடிவ நட்சத்திரக் கூட்டம் முழுசாகத் தெரிகிறது.

பக்கத்தில் நிற்பவருக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. கையிலுள்ள மஞ்சள் பையில் மகளின் ஜாதகம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"மூலம்னதும் மாமனாருக்கு ஆகாதுன்னு எந்திரிச்சிட்டாவ அண்ணாச்சி. அவருக்குப் போன வருசமே நெஞ்சுவலி வந்திருக்கு. அதுவும் எம்பிள்ளையாலதான் போல." பிறகு வானத்தைக் காட்டி, "அந்த மூலம் எங்கன இருக்கு?" என்கிறார்.

தேளின் வால் நுனியைக் காட்டுகிறேன். நூலகப் புத்தகத்தில் படித்ததைக் கூச்சத்தோடு சொல்கிறேன். மூலம் என்பது வடமொழிப் பெயர். வேர் என்று பொருள். பழைய தமிழில் அதற்குத் தேட்கடை என்று பெயர், அதாவது தேளின் கடைசி. அரபுக்காரர்கள் அங்குள்ள பெரிய நட்சத்திரத்தை ஷௌலா, தூக்கிய வால், என்றார்கள். கிரேக்கர்கள் கூட்டம் முழுவதையும் ஸ்கார்ப்பியோஸ் என்றார்கள். அதுவும் தேள்தான்.

"மூணு பேரும் தேளைத்தான் பாத்திருக்காவ. மாமனாரை யாரும் பாக்கலை" என்கிறேன்.

அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்க்கிறார். ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைக்கிறேன்.

"இதை யாருகிட்டயும் சொல்லிராதீய அண்ணாச்சி. வேருன்னு நினைச்சவியளே எந்திரிச்சுப் போயிட்டாவ. தேள் கொடுக்குன்னு தெரிஞ்சா வாசல்லயே நிக்க விடமாட்டாவ."

பஸ் கிளம்புகிறது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தும், அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போகிறார்.