ஏழாயிரத்துக்கு ஒரு பதில்

அம்சவள்ளியின் வாயில் ‘முடியாது’ என்ற சொல் வராது. ஐஸ் கம்மியாகப் போடு, இஞ்சி ஜாஸ்தியாகப் போடு, காசு நாளைக்குத் தருகிறேன் என்று யார் என்ன சொன்னாலும் ‘சரிங்க’தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒன்பது வருஷமாகக் கரும்புச் சாறு வண்டி போட்டிருக்கிறாள். அந்த ஒன்பது வருஷமும் இரும்புச் சக்கரத்தைச் சுற்றியது அவளுடைய வலது கைதான். இப்போது தலை வாரக்கூடத் தோள்பட்டை ஒத்துழைப்பதில்லை.

மோட்டார் மெஷின் ஒன்றைப் பட்டறையில் பார்த்து வைத்திருந்தாள். பக்கத்துப் பழக்கடை ராணியம்மாள் கரண்ட் தருவதாகச் சொல்லிவிட்டாள். கையிலிருந்ததோடு இன்னும் பதிமூன்றாயிரம் சேர்ந்தால் போதும். பழைய மெஷினைப் பட்டறைக்காரர் இரும்பு எடைக்குத்தான் கேட்டார். அதனால் ராணியம்மாளின் மகள் ஷாலினி நாலு படம் எடுத்து, பழைய சாமான் விற்கும் ஆப்பில் பதினான்காயிரம் என்று போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் சடையன் என்பவரிடமிருந்து செய்தி வந்தது. “ஒம்போது வருசம் ஓடுன மெஷின். ஏழாயிரம். லாஸ்ட். சரின்னா நாளைக்கே வரேன்.”

ஏழாயிரத்துக்கு விற்றால் அம்சவள்ளிக்குக் கை மெஷினும் போய்விடும், மோட்டார் மெஷினுக்கும் பணம் போதாது. ஆனாலும் விரல் பழக்கத்தில் ‘சரிங்க’ என்று அடித்தே விட்டது. அனுப்பும் முன் ராணியம்மாள் போனைப் பிடுங்கினாள்.

“இன்னாடி பண்ற? பதினாலுக்கு ஏழா? இன்னா, கத்திரிக்கா கூறா கட்டி வச்சிருக்கோம்?”

சாறு குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் வீரமணி எட்டிப் பார்த்தார். “பிளாக் பண்ணி வுடு அம்சாக்கா. இல்லன்னா ஒண்ணு சொல்றேன் எழுது: ஏழாயிரத்துக்குச் சக்கரம் மட்டும் வரும், கழுத்துல மாட்டிக்கினு போ.”

“யோவ், நீ நேத்து குடிச்சதுக்கே பாதிதான் குடுத்த!” என்றாள் ராணியம்மாள்.

“அது வேறக்கா, அது நட்பு.”

இருவரும் சண்டை போடட்டும் என்று விட்டுவிட்டு, அம்சவள்ளி போனை வாங்கி ஓரமாக உட்கார்ந்தாள். ஆறாவதோடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் படத்தைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சடையனின் பெயருக்குப் பக்கத்திலிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினாள். மலைப்பாதை, கீற்றுக் கொட்டகை, டீ பாய்லர், சுற்றுலா வந்த நாலு கார்கள். கொட்டகையைச் சுற்றி ஒரு கரண்ட் கம்பம்கூட இல்லை.

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. கரண்ட் இல்லாத இடம். இந்த ஆளுக்கு மோட்டார் உதவாது. இவருக்கு வேண்டியது கை மெஷின்தான்.

‘சரிங்க’வை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அரை மணி நேரம் அடித்த பதில் இது:

“வணக்கங்க. ஏழாயிரத்துக்கு வராதுங்க. உருளை போன வருசம் மாத்துனது. சாறு வடிகட்டி, கிளாஸ் பத்து சேர்த்துத் தரேன். பணம் முன்னாடி அனுப்பாதீங்க. நீங்களே கரும்பு எடுத்துக்கினு வாங்க. நீங்களே சுத்துங்க. சக்கையைப் பிழிஞ்சு பாருங்க. ஒரு சொட்டு வந்தா ஏழாயிரத்துக்கே எடுத்துக்கோங்க. வரலன்னா பதிமூணரை.”

“அடிப்பாவி, பந்தயமா கட்டுற?” ராணியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

அனுப்பிவிட்டு அம்சவள்ளி போனைக் கவிழ்த்து வைத்தாள். ராத்திரி முழுக்க உருளையை இறுக்கும் திருகைத் திருகுவது போலவே கனவு.

மறுநாள் காலை வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து தோளில் இரண்டு கரும்போடு ஒருவர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி இலக்கியா.

“கரும்பு எங்க ஊர்து” என்றார் சடையன் கறாராக. கரும்பை விட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். மறுபடி மடித்து விட்டார். மூன்றாம் முறையும் விட்டார். பிறகு சக்கையை இரண்டு கையாலும் முறுக்கினார். நரம்பு புடைத்தது. வீரமணி குனிந்து கீழே பார்த்தார். சொட்டு இல்லை.

இலக்கியா தானும் வாங்கி முறுக்கிப் பார்த்தாள். காய்ந்த வைக்கோல் போல நொறுங்கியது. அவள் சிரித்துவிட்டாள். “பாதிக்குக் கேளுன்னு சொன்னதே நான்தான் அக்கா. ஆப்புல அப்டித்தான் கேக்கணும்னு எங்க கடைக்கு வந்தவங்க சொன்னாங்க. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துகினே வந்தேன்.”

“நானும் பயந்துகினேதான் எழுதுனேன்” என்றாள் அம்சவள்ளி.

“அந்த ஐந்நூறு? லோடு ஆட்டோ வேற இருக்கு, மலை ஏத்தணும்” என்று சடையன் மெதுவாக இழுத்தார்.

“பதிமூணு குடுங்க. அதுக்குக் கீழ முடியாதுங்க.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. ராணியம்மாள் கை தட்டினாள்.

பணம் கை மாறியது. ஷாலினி ஆப்பில் ‘விற்றாயிற்று’ என்று அழுத்தினாள். சடையன் பிழிந்த சாறு பாத்திரத்தில் அப்படியே இருந்தது. இலக்கியா வடிகட்டி, ஒரு கிளாஸில் ஊற்றி நீட்டினாள்.

“குடிங்கக்கா.”

ஒன்பது வருஷத்தில், வேறொருவர் சுற்றித் தந்த சாற்றை அவள் குடித்ததே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வண்டியின் மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுத் தாம்மா” என்றாள்.