தறிச் சத்தம் எழுதாத வீடியோ

அம்மா இறந்துபோன மூன்றாம் மாதம், அக்கா கல்யாண வீடியோவை அப்பாவுக்காக எழுத்துப் போட்டுத் தயார் செய்தேன். எண்பதுகளின் கடைசி அது. நான் குமாரபாளையத்தில் பள்ளிக்கூட டீச்சர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், வீடியோ கடைக்காரர் கல்யாண டைட்டில்களை என்னிடம்தான் எழுதி வாங்குவார்.

அப்பா முப்பது வருஷம் விசைத்தறிக் கொட்டகையில் நின்றவர். காது அங்கேயே போய்விட்டது. பேசுவார், படிப்பார், நாம் பேசுவது எதுவும் கேட்காது. வீட்டில் சிலேட்டும் பல்பமும்தான் எங்கள் பேச்சு.

வேலை லேசானதல்ல. கேசட்டை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, யார் என்ன பேசுகிறார்கள், டெக்கில் ஓடும் கவுன்ட்டரின் எந்த எண்ணில் பேசுகிறார்கள் என்று நோட்டில் குறிக்க வேண்டும். கறுப்பு அட்டையில் வெள்ளை பெயிண்டால் இரண்டு வரிக்கு மிகாமல் எழுத வேண்டும். கடையில் ஒரு கேமரா அட்டையைப் பார்க்கும். இரண்டு படங்களைக் கலக்கும் மிக்சர் என்ற கருவி கறுப்பை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் படத்தின் மேல் உட்கார வைக்கும். படிக்க அவகாசம் கொடுத்து நான் அட்டையை மாற்ற, கடைக்காரர் பட்டனைத் தள்ள, எல்லாம் வேறொரு கேசட்டில் பதிவாகும். நடுவில் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பேச்சை மட்டும் எழுதினால் போதாது என்று எனக்கே தோன்றியது. ஆகவே அடைப்புக்குறிக்குள் [கெட்டிமேளம்] என்றும், [அத்தை சிரிக்கிறார், படத்தில் இல்லை] என்றும், [வெளியே லாரி ஹாரன்] என்றும் போட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

அப்பா ஒரே ஒரு தடவை பார்த்தார். பாதியிலேயே எழுந்து போனார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கேட்டால் பசியில்லை என்பார். ஒரு வாரம் போனதும் எனக்குக் கோபம் வந்து, என்ன சங்கதி என்று சிலேட்டில் பெரிதாக எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

"கல்யாணத்தன்னைக்குங்கூட உங்கம்மா எம்மேல கோவமாத்தான் இருந்திருக்கா சாமி. காலைல பூ வாங்கற விசயத்துல ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். அத மனசுல வெச்சுக்கிட்டே போயிட்டா."

நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பந்தலோரம் அம்மா நிற்கிறார். புருவம் நெறிந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் கோணக் கத்துகிறார். அடியில் என் அழகான கையெழுத்து: "அவர மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க!" சத்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், தின்னு தொலையட்டும் என்று சொல்லும் முகம்தான் அது. கோபமில்லை என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "மூஞ்சி பொய் சொல்லுமா?" என்று போய்விட்டார்.

மறுநாள் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மோகனூர்ப் பக்கம், கரும்புக்காட்டு மனிதர். அந்த இடத்தை ஓட்டிக் காட்டி, இங்கே என்ன தப்பு என்று கேட்டேன்.

"ஏனுங்க டீச்சர், தறிச் சத்தம் மண்டையப் பொளக்குதுங்களே! அத எழுதாம உட்டுட்டீங்க. வேணும்னே உட்டீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. தொட்டிலில் கிடந்த நாள் முதல் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். லாரி ஹாரன் கேட்ட காதுக்குப் பக்கத்துக் கொட்டகை கேட்கவில்லை. கல்யாணத்தன்று தன் கொட்டகைத் தறியை நிறுத்துவதாகப் பக்கத்துவீட்டு மாமா அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். கரண்ட் போய் வந்ததும் ஆட்கள் பழக்கத்தில் ஓட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? அவரைப் பொறுத்தவரை அன்று தறி ஓடவே இல்லை.

பழைய நகலின் மேல் திருத்த முடியாது, நகலை மறுபடி நகலெடுத்தால் படமும் எழுத்தும் மங்கிவிடும். மூலக் கேசட்டிலிருந்தே மறுபடி எல்லாவற்றையும் செய்தோம். இந்த முறை கடைக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் காதுக்குக் கேட்டதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

[பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடத் தொடங்குகிறது. பலத்த சத்தம்]

[சத்தத்தை மீறிக் கத்தி] அவர மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க!

[தறி நிற்கிறது]

அதற்குப் பிறகு கேமரா சமையல் பக்கம் திரும்பிவிடுகிறது. அம்மா படத்தில் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. முதல் தடவை பந்திச் சந்தடி என்று அலட்சியமாகத் தாண்டிப்போன இடம் அது.

[அம்மா, மெதுவாக] காலைலருந்து பட்டினிங்க அவரு. நாஞ் சொன்னேன்னு சொல்லாதீங்க.

அப்பாவை உட்கார வைத்து அந்த இடத்தைப் போட்டேன். முதல் அட்டை வந்ததும் முன்னால் நகர்ந்தார். "தறி ஓடுச்சா?" என்று உரக்கக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

கடைசி அட்டையை உதடு அசைய இரண்டு தடவை படித்தார். அது மறைந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சோறு போடு சாமி. அன்னைக்கு அவ சொல்லித்தான் சாப்பிட்டேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."