ஆறு துளைகள்

அவளுடைய சொந்தப் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவள் ஜிப்பக்கா. பை, பெட்டி, ஜாக்கெட் என்று ஜிப் வைத்த எதுவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். ஜிப்பை இழுக்கும் ரன்னரைக் கழற்றி, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தி, மெழுகு தடவி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பதினொரு வருஷமாக ஒரே கடை. எட்டடி அகலம், ஒரு ஷட்டர், ஒரு தையல் மிஷின். மேலே மாடியில் கடையின் சொந்தக்காரர் குடியிருந்தார். அவரை அவள் மாடி ஐயா என்பாள்.

கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததில்லை. பேருந்து நிறுத்தம் நேர் எதிரே இருந்த வரைக்கும் அது தேவைப்படவும் இல்லை. போன வருஷம் நிறுத்தத்தைத் தெருமுனைக்கு அப்பால் தூக்கிப் போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நாளைக்கு இருபது பை வந்த இடத்தில் ஏழு வந்தால் அதிகம். கடை விழுந்தால் அவளும் விழுவாள். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை. ஆகவே ஆறடிக்கு இரண்டடியில் ஒரு பெயர்ப்பலகையும், ஷட்டருக்குக் கீழே தெருப்பக்கச் சுவரில் ஒரு மடக்குப் பலகையும் வேண்டும் என்று முடிவு பண்ணினாள். மடக்குப் பலகை இருந்தால் ஆட்கள் உள்ளே ஏறாமலே பையை வைத்துவிட்டுப் போகலாம்.

மாடி ஐயாவிடம் எதையும் கேட்கும் முன் அவள் இரண்டு தரம் யோசிப்பாள். பல்பு மாற்ற ஏணி கேட்டால்கூட எரிந்து விழுகிற மனிதர். பலகை விஷயமாகப் போன அன்றைக்கு என்னவோ கதவைத் திறந்ததுமே சிரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"வாம்மா, உக்காரு. போர்டுதானே? தாராளமா போடு. பதினோரு வருஷமா இருக்கே, நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

அவள் திகைத்துப் போனாள்.

"ஒரு விஷயம் மட்டும். எங்கெங்க ஓட்டை போடுவேன்னு படம் வரைஞ்சு கொண்டா. அளவெல்லாம் சரியா இருக்கட்டும். சுவரு பழசு பாரு."

அதில் தப்பில்லை. அவளே டேப்பைப் பிடித்து அளந்தாள். பலகைக்கு நாலு போல்ட், மடக்குப் பலகையின் கீலுக்கு இரண்டு. ஷட்டரின் மேல்விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம், இடது ஓரத்திலிருந்து எத்தனை என்று ஆறு துளைக்கும் எழுதினாள். கடிதம் ஒரு தாள், படம் ஒரு தாள். தன் செலவிலேயே செய்வதாகவும், காலி பண்ணும்போது துளைகளை அடைத்துக் கொடுப்பதாகவும் கடிதத்தில் எழுதி, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு, இன்னொரு பிரதியும் எடுத்துக்கொண்டு போனாள். பிரதியில் அவர் சம்மதம் என்று எழுதித் தருவார் என்ற நினைப்பு. அவர் இரண்டு பிரதியையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

"எழுத்துல தர்றேன்மா, அவசரமில்ல. நீ பாட்டுக்கு வேலையை ஆரம்பி. ஞாயித்துக்கிழமை தெரு காலியா இருக்கும். அன்னைக்கே அடிச்சிடு."

அவள் கணவர் லாரி எடைமேடையில் கணக்கெழுதுகிறவர். வாயில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வாயால சொன்னாரா? வாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே" என்றார். அவள் முறைத்தாள். நல்லது நடந்தால் இவருக்குப் பொறுக்காது என்று நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சிரித்த முகத்தைச் சந்தேகப்பட யாருக்குத்தான் மனசு வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் பலகை செய்கிறவரிடம் போனாள். கடை இருக்கும் இடத்தைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

"அளவு எடுக்கவே வேண்டாங்கக்கா. அது என்கிட்டயே இருக்கு."

கிளிப்பில் செருகியிருந்த தாள்களைப் புரட்டி ஒன்றை உருவி மேஜையில் வைத்தார். அவள் வரைந்த படம். நகல்தான். ஆனால் ஏழு என்ற எண்ணைக் குறுக்குக் கோடு போட்டு எழுதும் அவளுடைய பழக்கமும், அடியில் அவளுடைய கையெழுத்தும் அப்படியே இருந்தன. பலகைக்கான கட்டத்துக்குள் மட்டும் வேறு பேனாவில் ஒரு செல்போன் கடையின் பெயர் எழுதியிருந்தது. ஓரத்தில், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி மாட்ட வேண்டும் என்று குறிப்பு.

"நீங்க காலி பண்றீங்கன்னு சொன்னாங்களே" என்றார் பலகைக்காரர். சொல்லும்போதே அவருக்கு ஏதோ உறைத்துவிட்டது. தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, அதுல ஒரு நகல் குடுங்க."

"என்னை இதுல இழுக்காதீங்கக்கா. நான் தொழில் பண்றவன்."

கடையின் வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றே முக்கால் வருஷம் இருந்தது. அடுத்த மாதம் பதினைந்துக்குள் அவளை எப்படிக் கிளப்புவார்கள்? வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏழாவது ஷரத்தில் விரலை வைத்தார். சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சுவரில் துளையிடுவதோ முகப்பை மாற்றுவதோ கூடாது, மீறினால் ஒப்பந்தம் ரத்து, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். கீழே அவள் கையெழுத்து. பதினொரு வருஷமாக அதே வாசகம்; ஒரு தடவைகூட முழுசாகப் படித்ததில்லை. கணவர் அன்றைக்குக் கிண்டல் எதுவும் பண்ணவில்லை.

"அடிக்காதே. ஒரு ஆணிகூட வேண்டாம். எழுத்துல சம்மதம் குடுங்கன்னு கேட்டு நானே ஒரு கடிதம் எழுதுறேன். திங்கக்கிழமை பதிவுத் தபால்ல போடலாம். அப்போ நீ கேட்டதுக்கு ரசீது இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தைக்க ஒன்றுமில்லை. மாடி ஐயா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் செல்போன்.

"ஏம்மா, ஆளு இன்னும் வரலியா?"

"எழுத்து வந்ததும் அடிக்கிறேங்கய்யா."

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, "உன் இஷ்டம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பயத்தைத் தந்தது. சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். அடிக்காமல் இருந்துவிட்டோம், இனி என்ன செய்ய முடியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை கடிதம் உறைக்குள் தயாராக அவள் கைப்பையில் இருந்தது. தபால் நிலையம் பத்து மணிக்குத் திறக்கும். அதுவரை கடையில் இருக்கலாம் என்று வந்தாள். படியில் சிவப்பாகச் செங்கல் தூள் கொட்டிக் கிடந்தது. பூட்டு அப்படியே இருந்தது. அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

ஷட்டருக்கு மேலே நாலு துளை, கீழே இரண்டு. டேப்பை அவள் எடுக்கவில்லை. அளக்கவும் தேவையில்லை. மேல்விளிம்பிலிருந்து ஏழங்குலம், ஓரத்திலிருந்து ஒன்பது; அவள் எழுதின எண்கள் அவளுக்கு மனப்பாடம். ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் போட்டிருந்தார்கள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாடி ஐயா இறங்கி வந்தார். கையில் ஒரே ஒரு தாள். கடிதம் இல்லை, படம் மட்டும்.

"என்னம்மா இது," என்றார், மிகவும் வருத்தப்பட்டவர் மாதிரி. "எங்கிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்காம அடிச்சிட்டியே."

தாளை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"