பெரிய சிப்பை முடக்கிய மத்தியானம்

நான் வடிகட்டிய மடையன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் மூணு பேர் ரத்தம் சிந்தினார்கள்; அதற்குக் காரணமான நான் மட்டும் மேசைக்கடியில் சேதாரமில்லாமல் இருந்தேன்.

ஜெலாப்பாங்கில் ஒரு சமூக மண்டபத்தில் வீடியோ கேம் போட்டி. திரையில் இரண்டு உருவங்கள் அடித்துக்கொள்ளும், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், ஏற்பாடு அப்படித்தான். இறுதியாட்டம் என் மடிக்கணினியில், அதோடு இணைத்த பெரிய திரையில். ஆடியவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. கமுந்திங் தொழிற்சாலையில் லீவு கெஞ்சி வாங்கி வந்திருந்தான். ஜெயித்தால் கோலாலம்பூர் போட்டிக்குப் போகலாம். எதிராளி ஒரு தாடிக்காரன், கூடவே பத்துப் பேர்.

ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். இடைவேளையில் கணினி தோசைக்கல்லாகக் கொதித்தது, விசிறி அலறியது. உள்ளே படம் வரைய இரண்டு சிப்புகள் உண்டு. ஒன்று கேமுக்கென்றே இருக்கும் பெரியது, சூடேறுவதும் அதுதான். மற்றது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்னது. 'பெரியவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்' என்று கணினி அமைப்பில் பெரியதை முடக்கினேன்.

மடிக்கணினித் திரை ஒரு தரம் கண்சிமிட்டிவிட்டு மறுபடி ஒளிர்ந்தது. பெரிய திரை கறுத்துப்போனது. பெரிய திரையின் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ துளை பெரிய சிப்போடு மட்டும் இணைந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மற்றவர்களுக்கு எங்கே தெரியும்? கணினி நன்றாகத்தானே ஓடுகிறது! அந்தக் கேபிள் வேறு மச்சான் காலடி வழியாகப் போயிருந்தது.

"தோக்கப் போறான்னு கேபிள இழுத்துட்டான் லா!" என்றான் தாடிக்காரன்.

"நான் தொடவே இல்லண்ணே!"

"உங்கக்கா புருஷன் லேப்டாப்தானே? ரெண்டு பேரும் கூட்டுக் களவாணி!"

கூட்டுக் களவாணி வாயைத் திறந்திருக்கலாம். 'நான்தான்' என்ற ஒரே சொல். அதைச் சொல்வதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்துவந்து சுவரில் உடைந்தது. மச்சான் தாடியைப் பிடித்தான். யாரோ மச்சானின் மூக்கில் குத்தினார்கள். விலக்கப்போன நடுவருக்குப் புருவம் கிழிந்தது. ஒருவன் பல்லைத் துப்பினான். நான் கணினியைக் கட்டிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தேன். பெரிய சிப்பை மறுபடி இயக்கினேன்.

பெரிய திரை பளிச்சென்று எரிந்தது. கேம் நின்றுபோயிருந்தது, கணினி முகப்பில் வைத்திருந்த என் கல்யாணப் படம் மட்டும் சுவரளவுக்குச் சிரித்தது. யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு பூட்ஸ் மச்சானின் வலது கையை மிதித்தது.

கட்டைவிரல் முறிந்தது. கன்ட்ரோலரைப் பிடிக்க முடியவில்லை. புருவத்தில் துணியை அழுத்தியபடியே நடுவர் தாடிக்காரனின் கையை உயர்த்தினார்.

கிளினிக்கில் மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தது. சிப்பு, துளை, சூடு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மச்சானிடம் ஒப்பித்தேன். சிரிப்பு வரட்டுமென்று மேசைக்கடியில் நான் குந்தியிருந்த கோலத்தையும் நடித்துக்காட்டினேன்.

அவன் சிரிக்கவில்லை.

"அத அங்கயே சொல்லியிருக்கலாம் லா, மச்சான்."