பின்புற ஆளி

எங்கள் கணினி அறைச் சுவரில் தொங்கிய அந்தப் பதாகையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. மாங்குளத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தது, நீலமும் மஞ்சளும். 'கணினி இயங்காவிடின் செய்ய வேண்டியவை' என்று தலைப்பு.

அதை முதலில் எழுதியவள் நான்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவள் நான். ஒரு மெஷின் வேலை செய்யாவிட்டால் பிள்ளைகள் வகுப்பு முழுக்க "ரீச்சர், ரீச்சர்" என்று கூப்பிட்டு உயிரை எடுப்பார்கள். அதனால் அவர்கள் கதைக்கிற மாதிரியே எழுதிக் கொடுத்தேன். சுவர்ப் பிளக்கைப் போட்டாச்சா, வயர் பின்னால இறுக்கமா நிக்குதா, திரையில லைட் எரியுதா, பென்டிரைவைக் கழட்டினியா, பின்பக்கக் கறுப்புச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அமந்திருக்கா. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், 'சிவப்புச் சுவிட்சைத் தொடாதே.'

எங்களுடைய மெஷின்கள் வெளிநாட்டில் பாவித்துக் கழித்துவிட்டு அனுப்பியவை. பெட்டிக்குப் பின்னால் மின்வயர் செருகுகிற இடத்தில் இரண்டு சுவிட்சுகள் இருக்கும். கறுப்பு, மின்சாரத்தை விடவும் நிறுத்தவும். சிவப்பு சின்னது, பேனை முனையால்தான் தள்ளலாம். அதில் 230 என்று தெரிந்தால் எங்கள் ஊர் மின்சாரத்துக்குச் சரி. தள்ளிவிட்டால் 115 என்று தெரியும். அது பாதி அழுத்தத்தில் மின்சாரம் ஓடுகிற நாடுகளுக்கு. அப்படித் தள்ளிவிட்டு எங்கள் மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே இருப்பது வெடிக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபர் தமிழ் படிப்பிப்பவர். கல்வி வலயத்தில் இருந்து மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிற நேரம், என் தாளை வாங்கித் திருத்தினார். சுவிட்ச் தமிழ் இல்லை, ஆளி என்றார். நிறங்களை வெட்டினார். 'தொடாதே' என்று எதிர்மறையாய் எழுதுவது பிள்ளைகளின் மனத்துக்கு நல்லதில்லையாம், அதையும் வெட்டினார். சுவிட்சுகளைப் பற்றி மிஞ்சியது ஒரு வரி: 'பின்புற ஆளியை மாற்றி இயக்குக.' இது ஆபத்து என்று சொன்னேன். "ரீச்சர், தமிழை என்னட்ட விடுங்கோ" என்று சொல்லி அப்படியே அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்.

மேற்பார்வைக்கு இரண்டு நாள் முந்தி அவர் கணினி அறை வாசலில் நின்று பதாகை நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்வரிசையில் ஒரு பிள்ளைக்கு எழுத்துரு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் பதினோராம் வகுப்புப் பெடியன் ஒருவனுடைய மெஷின் வேலை செய்யவில்லை. காலையில் கூட்டித் துடைத்தவர்கள் கறுப்புச் சுவிட்சை அணைத்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவன் என்னைக் கூப்பிடவில்லை. பதாகையைப் பார்த்து ஒவ்வொன்றாய்ச் செய்தான். பிளக், வயர், லைட், பென்டிரைவ். பிறகு பின்புற ஆளி; எது என்று எழுதியிருக்கவில்லை. பேனையை எடுத்துச் சிவப்பைத் தள்ளினான். ஒன்றும் நடக்கவில்லை. மற்ற ஆளியையும் மாற்றினான்.

வெடித்தது. அறை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கருகின மணத்தோடு புகை எழும்பியது.

நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு தானாக விழும். வாசலில் பிரதி அதிபர் குப்புறக் கிடந்தார். காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. யுத்த காலத்தில் செல் குண்டு விழும்போது எல்லோரும் அப்படித்தான் படுத்தோம். பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். அவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். இரண்டு பெரிய ஆட்கள் நிலத்தில் கிடப்பதைப் பார்த்து ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாமே சிரித்தன.

அந்தச் சிரிப்புத்தான் பெடியனுக்கு வினையாகிவிட்டது. மனிசன் எழும்பினார், வெள்ளைச் சேட்டெல்லாம் புழுதி. நேரே பின்வரிசைக்குப் போய்ப் பெடியனின் கொலரைப் பிடித்து அறைந்தார். முதல் அறையிலேயே உதடு வெடித்தது. மேசையில் கிடந்த, கோடு கீறுகிற மர அடிமட்டத்தை எடுத்தார். தோள், முழங்கை, தடுக்கப் போன விரல்கள். பெடியன் பதாகையையே கைகாட்டினான்.

"எழுதி ஒட்டியிருக்கு. வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குக் கொம்பியூட்டர் ஒரு கேடா?" என்று பிரதி அதிபர் கத்தினார்.

அவனுடைய ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். 'கூட்டம்' என்றதன் அர்த்தம் அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கியது. நான் நடுவில் பாய்ந்தேன். ஓர் அடி என் கையில் விழுந்தது. அடிமட்டத்தைப் பறித்து முழங்காலில் வைத்து முறித்தேன். இன்னுமொருக்கால் கை நீட்டினாரென்றால் முறிந்த துண்டாலேயே குத்தியிருப்பேன். அது சும்மா வாய்ப்பேச்சு இல்லை.

அடுத்தநாள் காலை அதிபரின் அறைக்குப் பெடியனையும் தகப்பனையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிபர் பொறுமையான மனுசி, ஆனால் மேற்பார்வைப் பயத்தில் இருந்தவா. வேணுமென்று அரச சொத்தை உடைத்தவன், பள்ளிக்கூடத்தில் இருந்து பேரை வெட்ட வேண்டும் என்று பிரதி அதிபர் சொல்லிவிட்டார். பதினோராம் வகுப்போடு எழுதுகிற சாதாரண தர அரசாங்கச் சோதனைக்கு அதிக நாள் இல்லை. பேரை வெட்டினால் அவன் தகப்பனோடு கல்லுடைக்கத்தான் போகவேண்டும்.

தகப்பன் கதிரையில் இருக்கவில்லை. எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். பிறகு சட்டென்று திரும்பி மகனின் முகத்தில் ஓர் அறை விட்டார். அவன் அலுமாரியில் போய் மோதினான். தகப்பன் தலைமயிரைப் பிடித்து இழுத்து முதுகில் குத்தினார்.

"நானே அடிக்கிறேங்க சார், நானே கொல்றேன். பேர மட்டும் வெட்டிறாதீங்க."

குத்திக்கொண்டே அழுதார். நேற்றைய உதடு திரும்பவும் வெடித்து இரத்தம் சேட்டில் வடிந்தது. பிரதி அதிபர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. தகப்பனைத் தள்ளி விலத்திவிட்டு, "எல்லாரும் வாங்கோ, கணினி அறைக்கு" என்று கத்தினேன். என்னுடைய குரலே எனக்குப் பயமாய் இருந்தது.

ஒரு மெஷினின் கறுப்புச் சுவிட்சை அணைத்தேன். "மடம், இது வேலை செய்யேல்லை. பதாகையைப் பாத்து நீங்களே செய்யுங்கோ" என்றேன். அதிபர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாய் வாசித்தா. பிளக்கைப் பார்த்தா. வயரை அமத்தினா. லைட்டைப் பார்த்தா. பென்டிரைவ் இல்லை. கடைசி வரிக்கு வந்ததும் பெட்டிக்குப் பின்னால் குனிந்தா. கொஞ்சம் யோசித்தா. காதில் செருகியிருந்த பேனையை எடுத்தா. பேனை முனை சிவப்பில் பட்டதும் அவாவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இதைத்தான் மடம் அவனும் செய்தவன்."

அதிபர் சிவப்பு ஆளியைப் பார்த்தா, பதாகையைப் பார்த்தா, பிறகு பிரதி அதிபரைப் பார்த்தா. பேர் வெட்டுப்படாது என்று தகப்பனிடம் மெதுவாகச் சொன்னா. பிரதி அதிபர், "எண்டாலும் ரீச்சரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

தகப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. நான் இரண்டு சுவிட்சையும் தொட்டுக் காட்டிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கனநேரம் பதாகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"அப்ப அதுல எழுதியிருக்கிறததானே இவன் செஞ்சான்?"

"ஓம்" என்றேன்.

அவர் மகனிடம் போனார். தோளில் கிடந்த துவாயை எடுத்து, வாயில் இருந்த இரத்தத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினார். பெடியன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்தினான்.