என் வீட்டுக்காரரின் கல்யாண நாள் பேச்சு

கல்யாண நாள் என்று சொன்னால் இங்கே எர்ணாவூரில் யாருக்கும் விளங்குவதில்லை. பக்கத்து வீட்டுத் தனம்மாளை அழைக்கப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதாகோயில் கூடத்துக்கு வரவேண்டும், எங்கள் கல்யாண நாள் என்றேன். "யாருக்குக் கல்யாணம்?" என்றாள். எங்களுக்குத்தான், ஆகிப் பத்து வருஷம் முடிகிறது என்று சொன்னேன். "அதான் ஆயிட்ச்சே, மறுபடி இன்னாத்துக்கு? வருஷா வருஷம் நாள் பாத்து செய்யறது செத்தவங்களுக்குத்தானேம்மா" என்று கேட்டுவிட்டு, தான் ஏதோ அபசகுனம் பேசிவிட்டது போல வாயைப் பொத்திக்கொண்டாள். ரங்கூனில் இன்னும் இருக்கிறவர்களும், என்னைப் போலக் கப்பலேறி வந்து மூலைக்கு ஒருவராய்க் கிடக்கிறவர்களும் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரவில்லை.

ரங்கூனில் என் அப்பா வருஷம் தவறாமல் கல்யாண நாள் கொண்டாடுவார். மரக்கம்பெனியில் கணக்கர், அங்கே வேலை பார்த்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. காலையில் பூசை, சாயங்காலம் கேக்கு, அதற்குமுன் புருஷன் எழுந்து பேசவேண்டும். அந்தப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சாமியாருக்கு நன்றி, பிறகு உயிரோடில்லாத பெரியவர்களை நினைத்து ஒரு நிமிஷம். அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். கட்டிக்கொண்ட புதிதில் பட்ட கஷ்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். ஒவ்வொரு கஷ்டமும் சிரிப்பில் போய் முடியவேண்டும். கடைசியில் பெண்டாட்டியை இரண்டு வார்த்தை புகழ்ந்து கையிலிருக்கும் கோப்பையைத் தூக்கினால் எல்லாரும் எழுந்து குடிப்பார்கள். அப்புறம் அவளை இரண்டு வார்த்தை பேசச் சொல்லுவார்கள். அவள் வெட்கப்பட்டு, எல்லாரும் வந்ததற்கு சந்தோஷம் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள். என் அம்மா பதினெட்டு வருஷமும் அதையேதான் சொன்னாள். அவள் வேறு என்ன சொல்ல நினைத்திருப்பாள் என்று அந்த நாளில் எனக்குத் தோன்றியதே இல்லை.

என் வீட்டுக்காரர் இன்னாசி அந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்தான். எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் மாதமே கப்பல். இங்கே வந்து அகதி முகாமில் ஐந்து மாதம், பிறகு எர்ணாவூரில் ஓலை வேய்ந்த ஓர் அறை. எண்ணூர்ப் பக்கத்து வார்ப்படத் தொழிற்சாலையில் அவர் வேலை நிரந்தரமாகி, கூட வேலை செய்கிறவர்களெல்லாம் நெருக்கமாகிவிட்ட பிறகுதான் இந்த ஆசை அவருக்கு வந்தது. நம் வழக்கத்தை இவர்களுக்கும் காட்டவேண்டும் என்றார். பத்து நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன பேசப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது கேட்கக் கூடாத கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. இடது பக்க பெஞ்சுகளில் நம் பர்மாச் சனம், கன்னத்தில் சந்தனம் மாதிரி தனக்காப் பட்டையை அரைத்துப் பூசிய கிழவிகள் உட்பட. வலது பக்கம் தொழிற்சாலைக்காரர்களும் அவர்கள் பெண்டாட்டிமாரும், தனம்மாளும். யாரும் சொல்லிப் பிரித்து உட்காரவில்லை. கோப்பையில் கலர் ஊற்றிக் கொடுத்தோம். இன்னாசி எழுந்தார். சாமியாருக்கு நன்றி சொன்னார், ரங்கூன் கல்லறையில் இருக்கும் என் அப்பாவைச் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பிறகு கஷ்டத்துக்கு வந்தார். முதல் மழையில் கூரை ஒழுகியதையும், இருவரும் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்து சோறு தின்றதையும் சொன்னார். "குழம்பு போதலேன்னு சொன்னேன். மேல இருந்து ஊத்துது பாருங்க, கலந்துக்குங்கன்னா" என்றார். கூடம் சிரித்தது, நானும் சிரித்தேன். அது நடந்த கதை. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி செருப்பு இருந்த கதையைச் சொன்னார். அதுவும் நிஜம். அவர் காலுக்குச் சரியாக இருந்தது என் காலில் படகு போல மிதக்கும். இப்படி இருவரும் சேர்ந்து சிரித்ததற்குப் பஞ்சமே இல்லை. அவற்றோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"அப்புறம் புஷ்பம் அத்தோ போட்டு வித்தா" என்று ஆரம்பித்தார். என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

அவருக்கு வேலை கிடைக்காத அந்த முதல் வருஷத்தில் திருவொற்றியூர் ரோட்டோரத்தில் நான் அத்தோ விற்றேன். வாடகைக்கு எடுத்த தள்ளுவண்டி. மஞ்சள் சேமியாவை அவித்து, முட்டைக்கோசும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு, பூண்டு வறுத்த எண்ணெயும் புளித்தண்ணியும் கடலைமாவும் சேர்த்துக் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு பருப்பு வடையை நொறுக்கித் தரவேண்டும். கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். ரங்கூனில் மற்றவர்கள் பிசைந்து கொடுத்ததைத் தின்றவள் நான், பிசைந்து விற்றவள் இல்லை. பச்சைமிளகாய் எரிச்சலில் இரவெல்லாம் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருப்பேன். பிறகு அவருக்கு வேலை கிடைத்தது. ஆனால் முதல் மாதங்களில் கூலி சோற்றுக்கே காணாது, வண்டியை நான் விடவில்லை. இதற்கிடையில் அவர் தொழிற்சாலையில் என்ன சொல்லி வைத்திருந்தார் தெரியுமா? ரங்கூனில் எங்களுக்கு இரண்டு மாடி வீடு, பெண்டாட்டி வெளிவாசல் மிதிக்காதவள் என்று. இழந்து வந்தவர்கள் எல்லாரும் சொல்லுகிற பொய்தான். ஆளாளுக்கு ஒரு மாடி கூட்டிச் சொல்லுவோம். நானும் தனம்மாளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சம்பள நாள். பர்மாக்காரங்க தின்கிற புதுச்சரக்கு என்று கேள்விப்பட்டு நாலைந்து பேர் என் வண்டிக்கு வந்தார்கள். தலையில் முண்டாசு கட்டி, முகத்தில் தனக்கா அப்பி நின்றிருந்தேன். வந்தவர்களில் ஒருவன் சட்டிக்குள் மண்புழு மாதிரி கிடந்த சேமியாவை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, துன்றதுக்கா, தூண்டில்ல மாட்றதுக்கா?" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் கடைசியில் நின்று இன்னாசியும் சிரித்தார். நான் அவரையே பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தட்டு வாங்கித் தின்றார். மற்றவர்களைப் போலவே காசை வண்டியின் மேல் வைத்துவிட்டு, சில்லறைக்கு நின்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே வண்டியை மீன்காரர்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். வீட்டில் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெட்கப்பட்டிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒன்பது வருஷம் அதை நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனுஷன் இப்போது கூடத்தின் நடுவில் நின்று அதே கதையைச் சொல்லுகிறார். "ஒரு ஆளு வந்து கேட்டாரு பாருங்க, இது தின்னறதுக்கா, தூண்டில்ல மாட்டறதுக்கான்னு. நானும் புஷ்பமும் அதை நினைச்சு நினைச்சு அன்னைக்கு ராத்திரி பூரா சிரிச்சோம்." கூடம் அதிர்ந்தது. எனக்கு உடம்பு பூரா எரிந்தது. வெட்கப்பட்டிருந்தால் இந்தக் கதையை அவரால் வாயிலெடுக்க முடியுமா? என் அவமானத்தை எடுத்து, கஷ்டமென்றால் சிரிப்பில் முடியவேண்டும் என்ற அந்த முறைக்குள் அடைத்து, தன் பக்கத்தில் என்னையும் நிற்கவைத்துச் சிரிக்க வைத்துவிட்டார். அவர் வேண்டுமென்று பொய் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நடந்ததாக நம்பிவிட்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால்தான் எனக்கு அதிகக் கோபம்.

வலது பக்கத்திலிருந்து முனுசாமி எழுந்தார். தொழிற்சாலையில் இன்னாசிக்கு உயிர்த் தோழர், எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். "அத்த கேட்டவன் நான்தான்பா" என்றார், முகமெல்லாம் பல்லாக. "அண்ணி, அந்த வண்டில நின்னது நீங்களா? சத்தியமா தெரியாது அண்ணி." பிறகு ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி இன்னாசியின் பக்கம் திரும்பினார். பல் மறைந்துவிட்டது. "இரு நைனா. அன்னிக்கு நீயும் எங்ககூடதானே நின்னுகினு இருந்தே. துட்டு குட்த்து சில்லற வாங்கினியே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வூட்டுப் பொம்பளைய வச்சா நான் கிண்டல் பண்ணினேன்?"

இன்னாசி கோப்பையைத் தூக்கிவிட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் தூக்கினார். பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் எழவில்லை. சாமியார் நல்லவர், நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "புஷ்பம், நீ ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார். எல்லாரும் வந்ததற்கு சந்தோஷம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். என் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

"இவங்க சொன்னதுல குடைக்கதை நெசம், செருப்புக்கதையும் நெசம்" என்றேன். "மூணாவதும் பொய்யில்லை. அன்னைக்குச் சிரிச்சாங்க, நான் பார்த்தேன். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன், அவங்க இந்தப் பக்கம்." முனுசாமியின் பக்கம் திரும்பினேன். "முனுசாமியண்ணன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நான் யாருன்னு தெரியாது. தெரிஞ்சவரு ஒருத்தரு இருந்தாரு. அவரைத்தான் பத்து வருஷமா கட்டிக்கிட்டு இருக்கேன்."

முனுசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா பூட்ச்சு அண்ணி" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அவர் பெண்டாட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கேக்கு வெட்டப்படாமல் அப்படியே இருந்தது.

இன்னாசி என் பக்கத்தில் வந்தார். ஊரார் காதில் விழக்கூடாததைப் பேச எங்களுக்கு ஒரு பாஷை இருக்கிறது. கடையில் விலை பேசும்போதும், பக்கத்து வீட்டோடு தகராறு வரும்போதும் நாமெல்லாம் அதில்தானே போய் ஒளிந்துகொள்ளுகிறோம். அவர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால், தமிழில் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது எப்போதும் நான்தான். தலையைக் குனிந்து, மெதுவாக, "தௌங்பான்பாதே, புஷ்பம்" என்றார். மன்னித்துக்கொள் என்று. பிறகு இன்னும் நாலு வாக்கியம். அன்றைக்குப் பயந்துவிட்டேன் என்றார், நீ என் பெண்டாட்டி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை என்றார், ஒன்பது வருஷமாக உன் கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சில்லறை ஞாபகம் வருகிறது என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தனையும் பர்மியத்தில்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

அவர் வலது பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் பர்மியத்திலேயே மன்னிப்புக் கேட்டார். இடது பக்கத்தில் நம் கிழவிகள் எல்லாம் புரிந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் விட்டுவிடு என்று எனக்குச் சைகை காட்டினார்கள். வலது பக்கத்தில் முனுசாமியும் தனம்மாளும் மற்றவர்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். "இன்னா சொல்றாரு அண்ணி?" என்று முனுசாமி கேட்டார். இந்தப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக, இவர்கள் கேட்டும் நான் அவருக்காகத் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை.