மைனஸ் பத்து டாலர் இருபத்தைந்து சென்ட்

அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஆபீஸின் முதலாளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே கோபம் என் மீதும் உண்டு.

எண்பதுகளின் பிற்பாதி. துண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு, டாலரை ரூபாயாக மாற்றும் புரோகிராமை பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தேன். அந்த மாற்றும் பகுதியை மட்டும் சோதிக்கத் தனியாக இன்னொரு சின்ன புரோகிராம். சைபர், மைனஸ் தொகை, பல லட்சம், சரியாக அரைப் பைசாவில் வந்து நிற்கும் தொகை என்று ஒவ்வொன்றையும் கொடுத்து, கையால் போட்ட விடையோடு ஒப்பிட்டு, பொருந்தாததைப் பிரிண்டரில் அடிக்கும். யூனிட் டெஸ்ட் என்ற பெயரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஏற்றுமதி கம்பெனியில் புது மிஷினுக்குப் பூஜை போட்ட காலையில் அதை ஓட்டப்போனேன். கூட வந்திருந்த எங்கள் முதலாளி பதறிவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா சைபரும் மைனசுமா போடறது? பெரிய தொகை போட்டுக் கண்ணு படோணுமா? நூத்தியொண்ணு, ஆயிரத்தியொண்ணு போடு சாமி."

போட்டேன். எல்லாம் சரியாக வந்தது, வராமல் என்ன! கைதட்டினார்கள். மறுநாள் ஓட்டலாம் என்றால், "அதான் பாத்தாச்சே" என்றார். நானும் ஓட்டாமலே விட்டுவிட்டேன்.

அங்கே கணக்கு எழுதியவர் மல்லசமுத்திரத்துக்காரர். துண்டு திரும்பி வந்தால் பில்லை மைனஸில் போட்டு நேர் செய்வார். சில பில்கள் நேராகவே இல்லை, ஒரு பைசா நின்றது. பெரிய பில்களில் கூட்டல் பைசாக்கணக்கில் உதைத்தது. மனிதர் ஒவ்வொன்றையும் தன் கையால் திருத்தி வைத்தார். அதைப் பார்த்த கம்பெனிக்காரர், "மிசின் பொய் சொல்லாதுங்க, நீங்கதான் கை வெச்சிருக்கீங்க" என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அத்தனை திருத்தமும் சேர்த்தால் ஒரு டீக்குக் காணாது!

கேள்விப்பட்ட அன்றே என் சோதனையை முழுதாக ஓட்டினேன். டாலர் பன்னிரண்டரை ரூபாய் என்றால் 10.25 டாலருக்கு 128.125. அது 128.13 ஆனது, சரி. மைனஸ் 10.25-க்கு மைனஸ் 128.12 வந்தது. அரையைக் கூட்டி, பின்னத்தைக் கீழ் முழு எண்ணுக்கு இறக்கும் INT போட்டிருந்தேன். மைனஸில் அது வேறு பக்கம் இழுக்கிறது. பெரிய தொகைக்கு, ஏழு இலக்கம் வரையே பிடிக்கும் ஒற்றைத் துல்லிய எண் போதாமல் பைசா மாறியது. இரண்டும் என் தப்பு. குறியைக் கழற்றி ரவுண்ட் செய்து திரும்ப ஒட்டினேன், எண்களை இரட்டைத் துல்லியமாக்கினேன். மறுபடி ஓட்டினால் பொருந்தாத வரி ஒன்றுகூட இல்லை.

திருத்துவதற்கு முன் பிரிண்டர் அடித்த தாளைக் கம்பெனிக்காரரிடம் நீட்டினேன். "செரி, சரி பண்ணீட்டீங்கல்ல? வேற ஆள் போட்டாச்சுங்க" என்றார். அறையலாம் போல இருந்தது.

கணக்கு எழுதியவரைத் தேடி மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன். அவர் தாளை வரிவரியாகப் படித்தார்.

"இத ஓட்ட எவ்வளவு நேரமாகுமுங்க?"

"ரெண்டு நிமிஷம்."

"அன்னிக்கே ஓட்டியிருக்கலாமுங்களே" என்றார்.